கூறைக்குப் பக்கத்தில நிக்கப்போற தங்கச்சிமாருக்கும் மச்சாள்மாருக்கும்: கல்யாண உடுப்பு நிறம், துணி, தையல்

என்ர தங்கச்சிமாருக்கும் மச்சாள்மாருக்கும்,

ஆவணி ரெண்டாம் கிழமை எண்டு நாள் வைச்ச அண்டு பின்னேரத்தில இருந்து என்ர போனுக்கு வாறது ஒரே கேள்விதான், "அக்கா நாங்கள் என்ன கலர் உடுக்கிறது". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொயிஸ் அனுப்பி, ஒருத்தருக்குச் சொன்னது மற்றவைக்குப் போகேக்க மாறிப்போய், போன கிழமை தர்மபுரத்துத் தங்கச்சி ராணி பிங்கில ஒரு துணி எடுத்திட்டு வந்து நிக்கிறா. அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன். உங்களில அரைவாசிப் பேர் இதுவரைக்கும் பாவாடை தாவணி உடுத்ததே இல்லை, கனடாவில இருந்து வாற ரெண்டு மச்சாள்மாருக்கும் துணி எடுத்துத் தைப்பிக்கிறதே புதுசு, அதால தெரிஞ்சவைக்குத் தெரிஞ்சதாவே இருந்தாலும் முழுக்க வாசியுங்கோ.

முதல்ல அண்டைக்கு என்ன என்ன நடக்கும், நீங்கள் எங்க நிப்பியள் எண்டு விளங்கினாத்தான் நிறம் ஏன் இப்பிடி எண்டு விளங்கும். நான் முதல்ல மணவறைக்கு வரேக்க தங்கக்கரை போட்ட சந்தன நிறச் சாறிதான் உடுத்திருப்பன். உங்களில தட்டம் தூக்கிற ஆக்கள் எனக்கு முன்னால வருவியள். பிறகு மாப்பிள்ளை வீட்டுக் கூறை தட்டத்தில சபைக்குப் போய், பெரியாக்கள் தொட்டு ஆசீர்வதிச்சு என்ர கைக்கு வரும், நான் அறைக்குள்ள போய் அதை மாத்தி உடுத்துக்கொண்டு திரும்பி வருவன், அதுக்குப் பிறகுதான் தாலி. கூறை அரக்கு நிறம், கரையும் தலைப்பும் முழுக்கத் தங்கச் சரிகை. நான் பார்த்திட்டன். அந்தக் கூறையோட நான் வெளியில வாற நேரம் எனக்கு ரெண்டு பக்கமும் பின்னுக்கும் நிக்கிறது நீங்கள்தான், தாலி கட்டுற படத்திலயும் மணவறைத் தூணுக்குப் பக்கத்தில உங்கட முகம்தான் இருக்கும்.

அப்ப கேள்வி என்னெண்டா, அரக்குக்குப் பக்கத்தில என்ன நிறம் நிண்டா அரக்கு அரக்காத் தெரியும். சிவப்பு, மரூன், ராணி பிங்க், கடுஞ்செம்மஞ்சள் பக்கத்தில நிண்டா வீடியோ லைட்டுக்குக் கீழ எல்லாம் ஒண்டோட ஒண்டு கலந்து ஒரு பெரிய சிவப்புக் குவியலாத்தான் தெரியும், கூறை எங்க முடியுது உங்கட சாறி எங்க தொடங்குது எண்டு பிரிக்கேலாது. சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை, அது பக்கத்தில இருந்தா சிவப்பு இன்னும் சிவப்பாத் தெரியும். வெத்திலைத் தட்டத்தில குங்குமச் சிமிழை வைச்சுப் பாருங்கோ, அதே குங்குமம் வெள்ளைத் துணியில வைச்சதை விட வெத்திலைக்கு மேல எவ்வளவு துலக்கமா இருக்கு எண்டு தெரியும். நான் நிறம் தெரிஞ்செடுத்தது அந்தத் தட்டத்தைப் பார்த்துத்தான்.

அதால நிறம் இதுதான். கல்யாணம் ஆகாத ஆக்கள் அஞ்சு பேருக்கும் பாவாடை தாவணி, பாவாடையும் பிளவுஸும் மாம்பழ மஞ்சள், தாவணி வெத்திலைப் பச்சை. கல்யாணம் முடிச்ச அக்காமாரும் மச்சாள்மாரும் சாறி, வெத்திலைப் பச்சையில இருந்து கடும்பச்சை வரைக்கும் எது எண்டாலும் சரி, கரை உங்கட விருப்பம், ஆனா மரூன் கரை மட்டும் வேண்டாம். கையில ஏற்கெனவே அப்பிடி ஒரு சாறி இருக்கிற ஆக்கள் புதுசு எடுக்காதேங்கோ, அதையே உடுங்கோ, ஒரே மாதிரிச் சாறி எல்லாரும் உடுக்க வேணும் எண்டு நான் நினைக்கவே இல்லை. கறுப்பும் தனி வெள்ளையும் அம்மம்மாவுக்குப் பிடிக்காது, அவவுக்காக விடுவம். கடும் நீலமும் விடுங்கோ, உள்வெளிச்சத்தில அது கறுப்பாத்தான் தெரியிறது. கிளிப்பச்சையும் வேண்டாம், அந்த மினுங்கிற பச்சை வெயிலில நிக்கேக்க நாடிக்குக் கீழ முகத்திலயே பச்சை அடிக்கும், படத்தில வருத்தக்காரர் மாதிரி இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். நிறத்தின்ர பேரை நம்பித் துணி எடுக்காதேங்கோ, போனில வாற படத்தை நம்பியும் எடுக்காதேங்கோ. ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா 2018 இல பெரியம்மா வீட்டு அக்காவின்ர கல்யாணத்துக்கு நாங்கள் ஏழு பேர் "மயில்கழுத்து" எண்டு கதைச்சு வைச்சு, ஆளுக்கொரு இடத்தில எடுத்தனாங்கள். ரெண்டு பேர் யாழ்ப்பாணத்தில, ஒராள் வவுனியாவில, மற்றவை கிளிநொச்சியில. வட்ஸ்அப்பில படம் போட்டுப் பார்க்கேக்க எல்லாம் ஒண்டு மாதிரித்தான் இருந்தது. கல்யாணத்தண்டு விடியப்புறம் அறைக்குள்ள எல்லாச் சாறியையும் கட்டிலில விரிச்சால் ரெண்டு நீலம், மூண்டு பச்சை, ஒண்டு சாம்பல் மாதிரி, என்ரது ஊதாப் பக்கம் போற ஒரு நிறம். அந்த நேரத்தில யாரும் ஒண்டும் செய்யேலாது, அக்கா ஒண்டும் சொல்லேல்ல, ஆனா அண்டைக்கு அவ அழாமல் இருக்கப் பட்ட பாடு எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அது ஏன் நடந்தது எண்டு பிறகுதான் விளங்கினது. மயில்கழுத்து எண்டுறது ஒரு நிறம் இல்லை, ரெண்டு. பாவு நூல் ஒரு நிறம், ஊடு நூல் இன்னொரு நிறம், நீலத்துக்குக் குறுக்கால பச்சை போட்டு நெய்யிறது. அதால நேர பார்த்தா ஒண்டு, சரிச்சுப் பார்த்தா இன்னொண்டு, மடிப்பில வேற. அதுக்குள்ள எந்த நூல் கூட எண்டுறது நெசவுக்கு நெசவு மாறும். அதோட போன் கமெராவும் தன்ர பாட்டில வெளிச்சத்தைத் திருத்தும், கடைக்குள்ள வெள்ளை எல்இடிக்குக் கீழ எடுத்தா ஒரு மாதிரி, மஞ்சள் பல்ப்புக்குக் கீழ எடுத்தா இன்னொரு மாதிரி. ரெண்டு தனித்தனிப் படத்தைப் பக்கத்தில பக்கத்தில வைச்சு நிறம் ஒண்டா எண்டு பார்க்கிறது பிரியோசனமே இல்லாத வேலை. அதால முதல் விதி, இரட்டை நிறத் துணி வேண்டாம். சாறியை நெஞ்சுக்கு நேர பிடிச்சு மெதுவாச் சரியுங்கோ, நிறம் மாறினா அது இரட்டை நூல், விட்டிடுங்கோ.

அடுத்தது, உங்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டுத் துணி அனுப்புறன், ரெண்டு விரல் அகலம், எல்லாம் ஒரே பச்சைத் துணியில இருந்து வெட்டினது. சாறி எடுக்கப் போறவை அந்தத் துண்டைக் கைப்பையில வைச்சுக்கொண்டு போங்கோ. கடைக்குள்ள பார்க்காதேங்கோ, கடைக்காரரிட்டக் கேட்டுச் சாறியை வாசலடிக்குக் கொண்டுவந்து, நேர் வெயிலில இல்லாமல் நிழலில வைச்சு, துண்டைச் சாறிக்கு மேல போட்டுப் பாருங்கோ. துண்டை விடக் கடுமையா இருக்கலாம், அது பரவாயில்லை. நீலப்பக்கம் போகக்கூடாது, அதுதான் பார்க்க வேண்டியது.

கனடா மச்சாள்மாருக்குத் தபாலில துண்டு வந்து சேரும் எண்டு நான் நம்பிக்கொண்டு இருக்க ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் அங்கத்த தமிழ்க் கடையில ஒரு வெத்திலை வாங்குங்கோ. நல்லா முத்தின இலை, கொழுந்து இல்லை, அதின்ர முன்பக்கம்தான் எங்கட நிறம், பின்பக்கம் வெளிறல். வெள்ளைக் கடதாசி ஒண்டை யன்னலடியில வைச்சு, அதுக்கு மேல சாறி ஓரத்தையும் வெத்திலையையும் ஒண்டாய் வைச்சு, பிளாஷ் போடாமல் ஒரே படத்தில எடுத்து அனுப்புங்கோ. ஒரே படத்துக்குள்ள இருந்தா கமெரா எப்பிடித் திருத்தினாலும் ரெண்டையும் ஒரே மாதிரித்தான் திருத்தும், கடதாசி நீலமாத் தெரிஞ்சா வெளிச்சம் பிழை எண்டு எனக்கும் தெரியும். உங்கட சின்னத் தங்கச்சி மூத்த மச்சாளோட வாறா எண்டதால அவவுக்குப் பாவாடை தாவணி இங்கதான் தைப்பிப்பன், அளவு மட்டும் காணும்.

பாவாடை தாவணி அஞ்சுக்கும் துணி நானே ஒரே நாளில எடுக்கிறன், ஒரே றோலில. சாயம் தொட்டிக்குத் தொட்டி கொஞ்சம் மாறும், அதே கடையில அதே மஞ்சள் எண்டு அடுத்த மாதம் போய் எடுத்தாலும் பக்கத்தில வைச்சா வித்தியாசம் தெரியும். அதாலதான் பாவாடையும் பிளவுஸும் ஒரே துணி எண்டு வைச்சனான். தாவணி வேற மாதிரித் துணி, மெல்லிசு, அது தனி நிறமா இருக்கிறதால சேருதோ இல்லையோ எண்ட பிரச்சினையே வராது.

இப்ப எவ்வளவு துணி எண்டு ஒரு ஆளை வைச்சுச் சொல்லுறன், மற்றவையும் தங்கட அளவைப் போட்டுப் பார்க்கலாம். முள்ளியவளைச் சின்ன மச்சாளுக்கு இடுப்பில இருந்து நிலம் வரைக்கும் 38 அங்குலம், இடுப்பு 28. பாவாடைத் துணி 44 அங்குல அகலம். துணியைக் குறுக்கால திருப்பி அந்த அகலத்தையே பாவாடையின்ர உயரமா வைச்சா, ஒரு பக்கக் கரை தானாவே அடியில வந்திடும். 38 ஓட கீழ உள்மடிப்புக்கு 3, மேல பட்டிக்கு 1, மொத்தம் 42, அப்ப 44 க்குள்ள அடங்குது. சுத்தளவுக்கு இடுப்பின்ர நாலு மடங்கு, 28 ஐ நாலால பெருக்கினா 112 அங்குலம், அது கிட்டத்தட்ட 2.85 மீற்றர், அப்ப 3 மீற்றர். முழங்கை வரைக்கும் கை வைச்ச பிளவுஸ் எண்டா 1 மீற்றர். மஞ்சள் ஒராளுக்கு 4 மீற்றர், அஞ்சு பேருக்கு 20. தாவணி ஒராளுக்கு 2.5 மீற்றர், கொஞ்சம் உடம்பு எண்டா 2.75, நான் 13 மீற்றர் எடுக்கிறன்.

விசுவமடுத் தங்கச்சி உயரம், அவவுக்கு 41. நாலைக் கூட்டினா 45, துணி அகலம் காணாது. அதுக்கு உள்மடிப்பைக் குறைக்காதேங்கோ, கீழ மடிப்பு இல்லாட்டி பாவாடை விழுற விழுகை இராது, நடக்கேக்க காலோட ஒட்டும். மேல இடுப்பில நாலு அங்குலத்துக்கு பருத்தித் துணியில ஒரு பட்டி வைச்சு அதில மடிப்பைப் பிடிக்கலாம், தாவணி சுத்தினாப் பிறகு அது தெரியாது.

அளவு எடுக்கேக்க எல்லாரும் செய்யிற ஒரு பிழை இருக்கு. செருப்புப் போட்டுக்கொண்டு, அதுவும் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு அளவு குடுக்கிறது. மணவறையில யாரும் செருப்போட நிக்கிறேல்ல. ரெண்டு அங்குல ஹீல்ஸில அளந்து தைச்ச பாவாடை வெறுங்காலோட நிக்கேக்க ரெண்டு அங்குலம் நிலத்தில கிடக்கும், ரெண்டு கையிலயும் தட்டம் இருக்கேக்க தூக்கிப் பிடிக்கவும் ஏலாது, மிதிச்சு விழுறதுதான். வெறுங்காலோட சீமெந்து நிலத்தில நேர நிண்டு, வேற ஒராளைக் கொண்டு அளப்பியுங்கோ, நீங்களே குனிஞ்சு அளந்தா அளவு குறையும். அந்த அளவில அரை அங்குலம் குறைச்சுத் தைக்கச் சொல்லுவன். சாறி உடுக்கிறவையும் உள்பாவாடைக்கு இதே அளவுதான் எடுக்க வேணும்.

துணி என்ன துணி எண்டு இப்ப. ஆவணி எண்டா எங்கட பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு இங்க இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கனடாக்காரர் மறந்திருப்பியள். குளமெல்லாம் வத்தி, கச்சான் காத்து செம்மண்ணை அள்ளிக்கொண்டு அடிக்கும், மண்டபத்துக்குள்ள காத்தாடி சுத்தினாலும் மணவறையடியில ஓமப்புகையும் வீடியோ லைட்டும் சேர்ந்து அவிக்கும். பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, உடம்போட ஒட்டிக்கொண்டு நிக்கும். அதை விட எனக்குப் பெரிய பயம் நெருப்பு. ஆரத்தி எடுக்கிறவை, விளக்கடியில நிக்கிறவை, கற்பூரத் தட்டம் பிடிக்கிறவை எல்லாம் நீங்கள்தான். பொலியெஸ்டரில பொறி பட்டா அது உருகித் தோலில ஒட்டும்.

பட்டு எண்டு சொல்லித் தந்தது பட்டுத்தானோ எண்டு பார்க்க, ஓரத்தில இருந்து பாவு நூல் ஒண்டும் ஊடு நூல் ஒண்டும் உருவி, புருவம் பிடுங்கிற குறட்டால பிடிச்சு, தண்ணிக் கோப்பைக்கு மேல வைச்சுக் கொளுத்திப் பாருங்கோ. பட்டு எண்டா மயிர் கருகின மணம் வரும், சாம்பல் விரலால நசிச்சா மாவாப் போகும். பொலியெஸ்டர் எண்டா உருகிச் சுருண்டு கடினமான ஒரு குண்டுமணி மாதிரி நிக்கும், நசியாது. ரெண்டு நூலையும் பார்க்க வேணும், ஒண்டு பட்டும் மற்றது பொலியெஸ்டருமா நெய்த சாறி கனக்க இருக்கு. பட்டுத்தான் வேணும் எண்டு நான் சொல்லேல்ல, பருத்தியும் பட்டும் கலந்தது நல்லது, மெல்லிய பட்டும் நல்லது, தனிப் பருத்திச் சாறியில கரை நல்லா இருந்தாலும் நான் சந்தோசமா ஏற்பன். பாரமான காஞ்சிபுரம் உடுத்துக்கொண்டு காலமை அஞ்சு மணியில இருந்து பந்தி முடியும் வரைக்கும் நிக்கேலாது.

சாயம் போகுதோ எண்டு கட்டாயம் பாருங்கோ, பச்சைத் தாவணி மஞ்சள் பாவாடைக்கு மேல வாறதால எங்களுக்கு இதுதான் ஆபத்தான இடம். நான் முதல்ல ஆசைப்பட்டு ஒரு பச்சைத் தாவணித் துணியில கால் மீற்றர் மட்டும் வாங்கி வந்தனான். வெள்ளைக் கைலேஞ்சியை நனைச்சுப் பிழிஞ்சு, துணியின்ர மூலையில வைச்சு விரலால அழுத்தி இருவது தரம் தேய்ச்சன். எடுத்துப் பார்த்தா கைலேஞ்சியில வட்டமா ஒரு பச்சைக் கறை, கீரைச் சாறு ஊத்தின மாதிரி. அது இடுப்பு வியர்வையில என்ன செய்யும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, தாவணி செருகிற இடம் முழுக்க மஞ்சளில பச்சை ஓடியிருக்கும். உப்புத் தண்ணியில போட்டாச் சரி எண்டு சொல்லுவினம், அதை நம்பி இருக்காதேங்கோ, சாயம் போற துணி போகும்தான். நான் அந்தத் துணியை விட்டிட்டு வேற பார்த்தன். சாறியிலயும் பச்சை உடம்புக்கு வேற நிறக் கரை எண்டா கரையிலயும் தேய்ச்சுப் பாருங்கோ.

தையலுக்குக் குடுக்க முதல் லைனிங் துணியையும் சாறிக்கு அடியில வைக்கிற ஃபோல்ஸையும் ஒரு இரவு தண்ணியில ஊறப்போட்டுக் காயவைச்சு அயன் பண்ணிக் குடுக்க வேணும். ரெண்டும் பருத்தி, முதல் தண்ணியில சுருங்கும். ஊறப்போடாமல் தைச்சா முதல் தரம் தோய்ச்ச உடன ஃபோல்ஸ் சுருங்கி, சாறியின்ர அடி முழுக்க அலை அலையா நிக்கும், பிளவுஸ் லைனிங் சுருங்கி மேல் துணி கமக்கட்டில பொம்மி நிக்கும். தைக்கிற ஆக்கள் அவசரத்தில இதைச் செய்யமாட்டினம், நீங்கள்தான் செய்து குடுக்க வேணும்.

எப்ப குடுக்கிறது எண்டா, ஆடி பிறந்த உடன. ஆடியில கல்யாணம் வைக்கிறேல்லத்தானே, அதால தையல்காரருக்கு அந்த முதல் ரெண்டு கிழமை கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். ஆடி கடைசிக்குப் போனா ஆவணிக் கல்யாணக்காரர் எல்லாரும் ஒண்டாய் வந்து விழுவினம், நல்லூர்த் திருவிழாவுக்கு உடுப்புத் தைக்கிறவையும் சேருவினம், உங்கட பிளவுஸ் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு ஊக்கு வைக்காமல் கைக்கு வரும். ஆடி நடுவில ஒருக்காப் போட்டுப் பார்க்கிறது, ஆடி முடிய முதல் திருத்தி எடுக்கிறது. பாவாடை தாவணி அஞ்சும் முள்ளியவளையில எனக்குத் தைக்கிற அக்காவே தைக்கிறா.

போட்டுப் பார்க்கேக்க கண்ணாடிக்கு முன்னால நேர நிண்டு பார்த்திட்டுக் கழட்டாதேங்கோ. அண்டைக்கு நீங்கள் செய்யப்போற வேலையைச் செய்து பாருங்கோ. ஒரு தட்டத்தில ரெண்டு தேங்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைச்சு நெஞ்சளவுக்குத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுத்தி ஒருக்கா நடவுங்கோ. பிறகு ரெண்டு கையையும் என்ர தலையில பூ வைக்கிற மாதிரி உயத்துங்கோ, கூறை மாத்துற நேரம் அறைக்குள்ள அதைத்தான் செய்யப்போறியள். கை உயத்தேக்க பிளவுஸ் அடி மேல ஏறி இடுப்பு முழுக்கத் தெரிஞ்சா கைக்குழி பெரிசா வெட்டினது, குழியை மேல ஏத்தித் தைக்க வேணும். கை உயத்த முதுகில இழுத்தா முதுகு அகலம் காணாது. கடைசியா நிலத்தில சப்பாணி கட்டி இருந்து எழும்புங்கோ, ஊக்கு ஒண்டும் திறக்கக்கூடாது. ரெண்டு பக்கமும் உள்ளுக்கு ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கோ, கல்யாண வீடு எண்டா பலகாரம் தின்னாமல் இருக்க ஏலாது. மஞ்சள் பிளவுஸில வியர்வை உடன தெரியும், கமக்கட்டில பருத்தித் துணி ரெண்டு மடிப்பா வைச்சு இழையோட்டச் சொல்லியிருக்கிறன்.

நகைக்கு நான் ஒரு சட்டமும் போடேல்ல. தோடு, ஒரு சங்கிலி, பச்சையும் மஞ்சளும் கலந்த கண்ணாடிக் காப்பு காணும். தலைக்கு மல்லிகை, எல்லாருக்கும் கட்டி வைப்பம்.

தம்பிமாரும் மச்சான்மாரும் வேட்டியும் சந்தன நிறச் சேர்ட்டும், அவையளுக்கு அவ்வளவுதான்.

இதை ஒராளுக்காக எழுதுறன், ஆர் எண்டு வாசிக்கேக்க அவவுக்குத் தெரியும். அக்கா, நீங்கள் 2009 க்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலயும் முன்னுக்கு வந்து நிண்டதை நான் காணேல்ல, எப்பவும் வெளிறின சாறியோட குசினிப் பக்கம்தான் நிக்கிறியள். என்ர கல்யாணத்தில உங்களுக்கும் பச்சைதான். கடும்பச்சை, தங்கக்கரை, நானே எடுத்து வைச்சிருக்கிறன். கூறை மாத்தேக்க எனக்குக் கொசுவம் பிடிக்கிற ஆள் நீங்கள், அறைக்குள்ள வேற ஒருத்தரையும் நான் அந்த வேலைக்குக் கேட்கேல்ல. அம்மம்மாவிட்டக் கதைச்சிட்டன், அவ ஓம் எண்டிட்டா.

கல்யாணத்தண்டு உடுக்கிறதில புதுசா உடுக்கிறவைக்கு ரெண்டு விசயம் சொல்லுறன். உடுப்பெல்லாம் முதல் நாள் பின்னேரமே அயன் பண்ணி வைச்சிடுங்கோ, காலமை கரண்ட் இருக்குமோ தெரியாது. பின் குத்தேக்க பட்டிலயும் மெல்லிசுத் தாவணியிலயும் பின்னின்ர சுருளுக்குள்ள நூல் மாட்டிக் கிழியும். பின்னைத் திறந்து, முதல்ல ஒரு சின்ன மணியைக் கோத்து அடி வரைக்கும் தள்ளிவிட்டுக் குத்துங்கோ, மணி சுருளை மறைச்சு நிக்கும், துணி அங்க போகாது. பழைய பாசிமாலை ஒண்டை அறுத்து ஒரு சிமிழுக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன், எல்லாருக்கும் காணும்.

தோளில மடிப்பு நாலோ அஞ்சோ விரல் அகலத்துக்கு எடுத்து, பின்னை மேல குத்தாமல் பிளவுஸுக்கு உள்பக்கமாக் குத்துங்கோ, வெளியில வெள்ளி மினுங்கக்கூடாது. தாவணித் தலைப்பு முழங்காலுக்குக் கீழ தொங்கக்கூடாது, அதை விட நீளம் எண்டா விளக்கடியில குனியேக்க அதுதான் முதல்ல நெருப்பில போய் விழும். ஆரத்தி எடுக்கிற ரெண்டு பேரும் தலைப்பைப் பின்னால கொண்டுவந்து இடுப்பில செருகி ஒரு பின் குத்திப்போட்டுத்தான் தட்டத்தைத் தொட வேணும். இடுப்பில தாவணி செருகினாப் பிறகு ஒருக்கா மூச்சை நல்லா இழுத்து விடுங்கோ, இறுக்கமா இருந்தா அப்பவே தளத்துங்கோ, மண்டபத்துக்குப் போனாப் பிறகு தளத்த இடம் இல்லை.

துணித் துண்டுகள் எல்லாம் பேர் எழுதின கடிதக் கவருக்குள்ள போட்டாச்சு. வவுனியா அக்காவின்ரதும் பரந்தன் மச்சாளின்ரதும் சனிக்கிழமை மாமா வரேக்க குடுத்துவிடுறன், மற்றவை வீட்டுக்கு வந்து எடுங்கோ. பாவாடை தாவணிக்காரர் அஞ்சு பேரும் வெறுங்காலோட எடுத்த இடுப்பில இருந்து நிலம் வரைக்கும் உள்ள அளவு, இடுப்பளவு, நெஞ்சளவு, தோள் அகலம், கை நீளம், இந்த அஞ்சையும் வாற வெள்ளிக்கு முதல் அனுப்புங்கோ. திங்கள் காலமை நான் துணி எடுக்கப் போறன். தர்மபுரத்துத் தங்கச்சி, உங்கட ராணி பிங்க் துணியை வைச்சிருங்கோ, நாலாம் சடங்குக்கு அது நல்லா இருக்கும்.

உங்கட அக்கா